முகம் ஏன் தெரியவில்லை? லெகோ மொசைக்கின் கட்டமும் நிறமும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகளின் புகைப்படத்தைப் பார்த்து, 32க்கு 32 குமிழ் உள்ள லெகோ பலகையில் கறுப்பு, வெள்ளைத் துண்டுகளை அடுக்கினேன். கிட்ட நின்றாலும் எட்ட நின்றாலும் முகமாகத் தெரியவில்லை. இன்னும் பத்து நிறம் வாங்க வேண்டுமா?"

பத்து நிறம் வேண்டாம். முதலில் கண்ணை அளக்க வேண்டும்.

ஓவியம் கற்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு: தலையின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண்ணகலம். 32 குமிழ் பலகையில் ஓரத்துக்கு இடம் விட்டால் தலைக்கு 20 குமிழ் கிடைக்கும். அப்படியானால் ஒரு கண்ணுக்கு 4. கண்ணின் வெளித்தெரியும் அகலம் சுமார் 30 மி.மீ., கருவிழி சுமார் 12 மி.மீ.; அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. 4 குமிழில் கருவிழிக்கு 1.6 குமிழ்தான் வரும். ஒன்று வைத்தால் வெறித்த பார்வை, இரண்டு வைத்தால் வெள்ளைவிழிக்குப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று மிஞ்சும். கருவிழியின் விளிம்பு குமிழின் நடுவில் விழுந்துவிட்டாலோ, கறுப்பும் வெள்ளையும் கலந்து அந்தக் குமிழ் சாம்பலாகிவிடும்.

48க்கு 48 பலகையில் தலைக்கு 30 குமிழ், கண்ணுக்கு 6, கருவிழிக்கு 2.4. இப்போது இமைக்கோடு, வெள்ளைவிழி, கருவிழி மூன்றுக்கும் இடம் இருக்கிறது. இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ. என்பதால் பலகை 38.4 செ.மீ. சதுரம், துண்டுகள் 2,304. 64க்குப் போனால் 4,096. ஒரு முகத்துக்கு 48 போதும். ஆனால் படத்தை நெற்றி முதல் தாடை வரை நெருக்கமாக வெட்ட வேண்டும். முழு உருவப் படம் என்றால், உயரம் ஏழரைத் தலை என்ற கணக்கில் தலைக்கு 6 குமிழ் உயரம்தான் மிஞ்சும். எத்தனை நிறம் வாங்கினாலும் அதில் முகம் வராது.

அடுத்தது நிறம். வெள்ளை, வெளிர்சாம்பல், அடர்சாம்பல், கறுப்பு என்ற நான்கில் ஒரு முகத்தை முழுதாகக் காட்டலாம். அந்த நான்குக்கும் இடைப்பட்ட சாயல்களை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் இந்த வேலையின் அழகே இருக்கிறது.

0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற திரைக் கணக்கில் இந்த நிறங்களின் எண்களை 244, 160, 100, 27 என்று வைத்துக்கொள்வோம். இவை ஒளியின் அளவு அல்ல. திரை எண்கள் வளைவான ஓர் அளவுகோலில் எழுதப்பட்டவை. உண்மையான ஒளியாக மாற்றினால் முறையே 90, 35, 13, 1 சதவீதம். இனி எல்லாக் கணக்கும் இந்தச் சதவீதத்தில்தான். ஏனென்றால் தூரத்திலிருந்து பார்க்கும் கண், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளிலிருந்து வரும் ஒளியைத்தான் கூட்டிச் சராசரியாக்குகிறது, திரை எண்களை அல்ல.

கன்னத்தில் ஓர் இடம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிறத் தோலுக்குப் பொருந்தக்கூடிய அளவு. கைவசம் 13ம் 35ம் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்கும் கிட்டத்தில் உள்ள நிறத்தை வைத்தால் கன்னம் முழுவதும் அடர்சாம்பல். ஒளியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். மளிகைக் கடை நோட்டுப்போல் பாக்கியை எழுதிவைத்தால் நிலைமை மாறுகிறது. முதல் குமிழுக்கு 13 வைக்கிறோம், பாக்கி 7. அடுத்த குமிழ் கேட்பது 20, பாக்கியோடு 27. அதற்குக் கிட்ட இருப்பது 35, அதை வைக்கிறோம். இப்போது 8 கூடுதலாகக் கொடுத்துவிட்டோம். அடுத்ததற்கு 12தான் தேவை, 13 வைக்கிறோம். இப்படியே போனால் ஒன்பது குமிழ்களில் ஆறு அடர்சாம்பல், மூன்று வெளிர்சாம்பல். சராசரி 20.3. இல்லாத ஒரு நிறம் இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும்.

எல்லாப் பாக்கியையும் வலப்பக்கமே தள்ளினால் செங்குத்தாகக் கோடுகள் விழும். அதனால் ராபர்ட் ஃப்ளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பெர்கும் 1976இல் வெளியிட்ட முறையில் பாக்கி நான்காகப் பிரிகிறது: 16இல் 7 பங்கு வலப்பக்கக் குமிழுக்கு, 5 நேர்கீழே, 3 இடக்கீழே, 1 வலக்கீழே. இவ்வளவு சிறிய விதி ஒரு கன்னத்தின் வளைவைக் கொண்டுவந்துவிடுகிறது என்பதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

வாசகரின் இரண்டாவது தவறும் இங்கேதான். திரை எண் 128 உள்ள சாம்பலுக்குக் கறுப்பும் வெள்ளையும் பாதிக்குப் பாதி என்று பல மென்பொருள்கள் கணக்குப் போடும். ஆனால் 128 என்பது ஒளியில் சுமார் 22 சதவீதமே. பாதிக்குப் பாதி வைத்தால் ஒளி சுமார் 45 சதவீதமாகி, 180க்கு அருகில் உள்ள சாம்பலாகத் தெரியும், முகம் வெளுத்துப்போகும். நான்கு சாயல்கள் இருந்தால் இந்தப் பிழை பெரிதும் குறைகிறது. 100ம் 160ம் பாதிப் பாதி கலந்தால் திரைக் கணக்கில் 130, உண்மையில் 134. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நடுவில் இரண்டு சாம்பலைச் சேர்ப்பது பத்து நிறங்களைவிடப் பயன் தருவது இதனால்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வெள்ளைக்கும் வெளிர்சாம்பலுக்கும் இடையே 90 முதல் 35 வரை பெரிய பள்ளம். வெயில் பட்ட நெற்றி அதில் விழுந்தால் புள்ளிபுள்ளியாகத் தெரியும். லெகோவின் 'மொசைக் மேக்கர்' பெட்டியில் இந்த நான்கோடு ஐந்தாவதாக மஞ்சள் இருக்கிறது. மஞ்சளின் சிவப்பு, பச்சை, நீல எண்களை 250, 200, 10 என்று எடுத்து ஒளிர்வைக் கணக்கிட்டால் 62 சதவீதம் வருகிறது. சரியாகப் பள்ளத்தின் நடு! படத்தின் சாயல் மஞ்சளாக இருப்பது பரவாயில்லை என்பவர்களுக்கு இது நல்ல ஐந்தாவது நிறம். அதே பெட்டியில் 2,304 இடங்களுக்குச் சுமார் 4,500 துண்டுகள் இருக்கின்றன. எந்தப் படம் எந்த நிறத்தை அதிகம் கேட்கும் என்று முன்கூட்டித் தெரியாதல்லவா?

கணினியில் இமேஜ்மேஜிக் என்ற படங்களைக் கையாளும் மென்பொருள் இருந்தால், `face.png` என்ற, சாம்பல் சாயலுக்கு மாற்றிய சதுரப் படத்தையும், நான்கு நிறங்களை மட்டும் கொண்ட `palette.png` படத்தையும் வைத்து இப்படிச் செய்யலாம்:

```
magick face.png -colorspace RGB -filter box -resize 48x48 -colorspace sRGB small.png
magick small.png -dither FloydSteinberg -remap palette.png plan.png
magick plan.png -format %c histogram:info:
```

முதல் வரி ஒளிக் கணக்கிலேயே படத்தைச் சுருக்குகிறது, இரண்டாவது திரை எண்களை வைத்தே நிறம் பிரிக்கிறது என்றாலும் நான்கு சாயல்கள் இருப்பதால் அந்தப் பிழை சிறிதுதான், மூன்றாவது எந்த நிறம் எத்தனை என்று எண்ணித் தருகிறது. துண்டுகளை வாங்குவது இந்த எண்ணிக்கை வந்த பிறகுதான். கறுப்பு மிக அதிகமாக வந்தால், நிறத்தை மாற்றாமல் படத்தின் இருட்டுப் பகுதியைச் சற்று வெளிச்சமாக்கி மறுபடி ஓட்டுங்கள்.

வந்த திட்டத்தை அப்படியே நம்ப வேண்டாம். பாக்கி பரப்பும் முறைக்குக் கண் எது, கன்னம் எது என்று தெரியாது. கன்னத்தின் பாக்கியை வெள்ளைவிழிக்குள் கொண்டுபோய்க் கொட்டிவிடும். கண்கள், மூக்குத்துளை, உதட்டுக்கோடு மூன்றையும் கையால் திருத்துங்கள். பின்னணிச் சுவரிலும் புழு நெளிவதுபோலக் கோடுகள் வரும். அதை ஒரே நிறமாக்கிவிடலாம். திருத்திய படத்தைக் கைபேசியில் சிறிதாக்கிக் கண்ணை இடுக்கிப் பாருங்கள். 1973இல் பெல் ஆய்வுக்கூடத்தின் லியோன் ஹார்மன், கட்டங்களாக்கிய லிங்கன் முகத்தை வைத்துக் காட்டியதும் இதுதான்: கட்டங்களின் கூர்மையான விளிம்புகள்தான் முகத்தை மறைக்கின்றன, மங்கலாக்கினால் அது வெளிப்படுகிறது. இடுக்கிப் பார்த்தும் தெரியாத முகம் பலகையிலும் தெரியாது.

கடைசியாகத் துண்டின் வடிவம். வட்டத் துண்டு தன் சதுரத்தில் 78.5 சதவீதத்தைத்தான் மூடும். மூலைகளில் பலகையின் நிறம் எட்டிப் பார்க்கும். கறுப்புப் பலகையில் வட்ட வெள்ளையின் 90 சதவீதம் 71 ஆகக் குறையும். வட்டத் துண்டு வாங்குவதாக இருந்தால் `palette.png`இல் உள்ள நிறங்களையும் அதற்கேற்ப இருட்டாக்கிவிட்டே மேலே உள்ள கட்டளைகளை ஓட்ட வேண்டும். சதுரத் துண்டுக்கு அந்த வேலை இல்லை.