ஒரு சிப்பாய் கூட இருக்குன்னு ரூக்கை மாத்திடலாமா?

செஸ் கோச்சிங்ல பசங்க கிட்ட அடிக்கடி பாக்குற விஷயம் இது, ஒரு சிப்பாய் கூட இருந்தா போதும், "மேல இருக்கும்போது காயை மாத்து"ன்னு கேட்டதை அப்படியே பிடிச்சுகிட்டு எதிர்ல ரூக் வந்து நின்ன உடனே வெட்டிடுறாங்க. ரூக் போயிட்டா மிஞ்சுறது ராஜாவும் சிப்பாயும் மட்டும்தான், அங்க ஜெயிப்பா டிராவான்னு ராஜா நிக்குற ஒரு கட்டம் முடிவு பண்ணிடும்.

போர்டு எடுத்து வச்சுப் பாருங்க. வெள்ளை ராஜா e5, சிப்பாய் e4, ரூக் a7ல நின்னு செக் கொடுக்குது, கறுப்பு ராஜா e7, அவங்க ரூக்கை d7ல கொண்டு வந்து தடுக்குறாங்க. இங்க தாராளமா வெட்டுங்க. கறுப்பு ராஜா திருப்பி வெட்ட d7க்கு போகணும், அதாவது சிப்பாய் ஓடுற வழியை விட்டு ஒரு கட்டம் விலகிடுது, உடனே நீங்க ராஜாவை f6க்கு ஏத்துறீங்க. அவர் e8க்கு வந்தா நீங்க e6, ரெண்டு ராஜாவும் ஒரு கட்டம் இடைவெளில நேருக்கு நேர் நிக்குது, நகர வேண்டியது அவர், அதாவது ஆப்போசிஷன் உங்க கையில, அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நீங்க மறுபக்கம் நுழைஞ்சு சிப்பாயை குயினாக்கிடலாம்.

இப்போ கொஞ்சம் மாத்தி வைங்க. வெள்ளை ராஜா f5, சிப்பாய் e5, ரூக் a7ல இருந்து செக். கறுப்பு ராஜா f7, அவர் ரூக் e8ல இருந்து e7க்கு இறங்கி தடுக்குது. பாக்க மேல சொன்ன மாதிரியேதான் இருக்கும், சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் முன்னாடி வேற, ஆனா வெட்டினா டிரா! ஏன்னா இந்த தடவை திருப்பி வெட்டுற ராஜா நேரா சிப்பாய்க்கு முன்னாடி e7ல வந்து உக்காந்துடுது, மூவ் உங்களோடது. e6 தள்ளினா அவர் e8, நீங்க f6 வந்தா அவர் f8, அப்புறம் e7 செக், திரும்ப e8, சிப்பாயை காப்பாத்த e6க்கு வந்தீங்கன்னா ஸ்டேல்மேட். இந்த இடத்துல ரூக்கை a8க்கு ஏத்திட்டு ஆட்டத்தை நீட்டுங்க, ஜெயிப்பு உறுதின்னு நான் சொல்லல, ஆனா வெட்டினா அவருக்கு யோசிக்க வேண்டிய வேலை ரொம்ப கம்மி, வெட்டலைன்னா ஒவ்வொரு மூவும் அவர் தேடணும்.

அதனால வெட்டுறதுக்கு முன்னாடி என் ஸ்டூடண்ட்ஸை ரெண்டு ரூக்கும் போர்டுல இல்லாத மாதிரி மனசுல பாக்க சொல்வேன், அவர் ராஜா எந்த கட்டத்துல வந்து நிக்கும், மூவ் யாரோடது, என் ராஜா சிப்பாயை முந்தி போக முடியுமா, அவ்ளோதான்.

ஒரே பக்கத்துல நாலு சிப்பாய்க்கு மூணுன்னு இருந்தா ரூக்கோட ஆட்டம் பெரும்பாலும் டிராவுக்கு போகும், அங்க ரூக்கை மாத்தறது பொதுவா நல்லது. ரெண்டு பேர்கிட்டயும் வேற வேற கலர் பிஷப் இருந்தா தலைகீழ், ரூக்கையும் மாத்திட்டீங்கன்னா ரெண்டு சிப்பாய் கூட இருந்தும் பல தடவை ஜெயிக்க வழியே இருக்காது.