சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு நாய்: டிக்கெட் தேதியைக் குறிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து என ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வீட்டு நாயையோ பூனையையோ கொண்டுபோக ஏறத்தாழ நான்கு மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும். ரேபிஸ் நோய் விஷயத்தில் ஒன்றியம் வைத்திருக்கும் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் தடுப்பூசி போட்டிருந்தால் மட்டும் போதாது. அது உடலில் வேலை செய்திருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையும் காட்ட வேண்டும்.

முதல் வேலை மைக்ரோசிப். ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் உள்ள 15 இலக்கச் சிப்பைக் கால்நடை மருத்துவர் தோலுக்கு அடியில் பொருத்துவார். ரேபிஸ் ஊசி அதே நாளிலோ அதற்குப் பிறகோ போடப்பட வேண்டும். சிப்புக்கு முன்பு போட்ட ஊசி இங்கே கணக்கில் வராது. மூன்று வருடமாகத் தவறாமல் ஊசி போட்ட நாயானாலும், சிப் நேற்றுதான் பொருத்தியது என்றால் புதிதாக ஒரு ஊசி போட்டே ஆக வேண்டும். பலருடைய பயணம் தள்ளிப்போவது இந்த இடத்தில்தான். ஊசிப் புத்தகத்தில் சிப் எண், மருந்தின் பெயர், பேட்ச் எண், போட்ட தேதி, செல்லுபடியாகும் தேதி ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அதிலிருந்து பிரித்த சீரத்தை ஐரோப்பிய ஆணையம் அங்கீகரித்த ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்; வேறு ஆய்வகத்தின் முடிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்லாது. மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. அல்லது அதற்கு மேல் எதிர்ப்புப் பொருள் இருந்தால் தேர்ச்சி. ஒரே ஒரு ஊசி போட்ட இளம் நாய்களுக்கு இந்த அளவு எட்டாமல் போவதுண்டு. அப்படியானால் மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், மறுபடி ரத்தம்.

ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். முடிவு வந்த நாளிலிருந்து அல்ல. இந்த மூன்று மாதம் முடிந்த பிறகுதான் ஐரோப்பிய உடல்நலச் சான்றிதழில் கையெழுத்தே போட முடியும். அந்தச் சான்றிதழோ வழங்கிய நாளிலிருந்து 10 நாள் வரைதான் எல்லையில் நுழைய உதவும்.

தேதிகளை வைத்துப் பார்ப்போம். ஜனவரி 5 அன்று சிப்பும் ஊசியும். பிப்ரவரி 6 அன்று ரத்தம். மூன்று மாதம் மே 6 அன்று நிறைகிறது. மே 7 அன்று சான்றிதழ் வாங்கி, மே 12 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கலாம். அவசரப்பட்டு மே 3க்கு டிக்கெட் எடுத்தவருக்குச் சான்றிதழே கிடைக்காது. குட்டிகளுக்கு 12 வாரம் ஆனபின்தான் ரேபிஸ் ஊசி என்பதால், ஏறத்தாழ ஏழு மாதம் ஆகும் முன் அவை கிளம்ப வழியில்லை.

உங்கள் வழக்கமான மருத்துவர் தரும் 'பயணத்துக்குத் தகுதி' சான்று மட்டும் போதாது. சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தில் அரசு மருத்துவர் நாயையும் தாள்களையும் பார்த்து, ஒன்றியத்தின் படிவத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார். உரிமையாளரின் உறுதிமொழியும் கூடவே வேண்டும். நாய் போகும் நாளுக்கு முன்பின் ஐந்து நாளுக்குள் நீங்களும் பயணம் செய்ய வேண்டும். தவறினால் வணிகச் சரக்குக்கான விதிகள் பொருந்தும். ஃபின்லாந்து, அயர்லாந்து, மால்டா போவதானால் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்து, கொடுத்த நேரத்தையும் மருத்துவர் பதிய வேண்டும்.

விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் முதலில் கூண்டைப் பார்ப்பார்கள். நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் வெளியிலிருந்து நிரப்பும்படி பொருத்தியிருக்க வேண்டும். தூக்க மருந்து கொடுத்த நாயை ஏற்றத் தயங்குவார்கள். உயரத்தில் அதன் மூச்சும் ரத்த அழுத்தமும் பாதிக்கப்படும். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களைப் பல நிறுவனங்கள் சரக்கறையில் ஏற்றுவதே இல்லை, ஆகவே டிக்கெட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இறங்கும் இடம் செல்லப்பிராணிகள் நுழைய அனுமதிக்கப்பட்ட விமான நிலையமாக இருக்க வேண்டும். அங்கே ஸ்கேனரைக் கழுத்தருகே வைத்துச் சிப்பைப் படிப்பார்கள். அந்த 15 இலக்கமும் ஊசிப் புத்தகம், ஆய்வக முடிவு, சான்றிதழ் மூன்றிலும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஆய்வக முடிவில் ஒரு இலக்கம் மாறியிருந்தால் அந்த ரத்தம் வேறொரு நாயுடையது என்றே கருதப்படும். பிறகு திருப்பி அனுப்புதல் அல்லது உங்கள் செலவில் தனிமைப்படுத்தல். இரண்டும் முடியாவிட்டால் கருணைக் கொலைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. சீரம் குப்பியில் ஒட்டும் சீட்டில் எண்ணை எழுதும்போது பக்கத்தில் நின்று சரிபாருங்கள். அதற்கு முன் ஸ்கேனரால் சிப்பை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சிப் சில நேரம் தோளுக்கு நகர்ந்திருக்கும்.

தேர்ச்சி பெற்ற ரத்தப் பரிசோதனை முடிவு, ஒவ்வொரு ரேபிஸ் ஊசியும் காலாவதியாகும் முன் அடுத்தது போடப்பட்டு வந்தால், நாயின் ஆயுள் முழுக்கச் செல்லும். ஒரு நாள் தவறினாலும் ஊசி, 30 நாள், ரத்தம், மூன்று மாதம் எல்லாம் மறுபடி தொடங்கும்.