கணக்கில் கழிந்த பணம் பெறுபவருக்குப் போகவில்லையா? உடனே மறுபடி அனுப்பாதீர்கள்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் தேங்காய், காய்கறி வியாபாரம் எல்லாம் இப்போது யுபிஐயில்தான் நடக்கிறது. வாங்குபவருக்குக் கணக்கு கேரளாவில், விற்பவருக்குப் பொள்ளாச்சியில். இந்த எல்லையோர வங்கிக் கிளையில் உட்கார்ந்து நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான்: "சார், என் கணக்குல பணம் எடுத்துட்டாங்க, அவருக்கு வரலைங்க."

யுபிஐயில் பணம் இரண்டு கட்டமாகப் போகிறது. முதலில் அனுப்புபவரின் வங்கி கணக்கில் கழிக்கும். அடுத்து, பெறுபவரின் வங்கி வரவு வைத்துவிட்டு "வைத்தாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். அந்த வங்கியின் சர்வர் அப்போது திணறினால் பதில் குறித்த நேரத்துக்குள் வராது. வரவு வைத்தார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாத நிலை அது. உங்கள் திரையில் 'Pending' அல்லது 'Processing' என்று நிற்பது இதனால்தான். ஆனால் வங்கிகளுக்கு இடையிலான கணக்குத் தீர்வில் அந்தத் தொகை பெரும்பாலும் எதிர் வங்கிக்குப் போய்விடும். அதாவது பணம் உங்கள் வங்கியிடம் இல்லை. அதனால்தான் நாங்கள் நினைத்தவுடன் திருப்பிப் போட முடிவதில்லை.

ஒரு வியாபாரி வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தோப்புக்காரர் ஒருவருக்கு 28,000 ரூபாய் அனுப்பினார். கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. தோப்புக்காரருக்கு எதுவும் வரவில்லை. லோடு ஏற்ற வேண்டும் என்று அவர் அவசரப்படுத்த, சனிக்கிழமை காலை வியாபாரி கிளைக்கு வந்து, "இன்னொரு தடவை போட்டு விட்டுடட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நின்றுபோன பணம் பிற்பகலில் வரவாகிவிட்டால், இரண்டு தடவை கொடுத்ததாகிவிடும். இரண்டாவதும் முறையாகப் போய்ச் சேர்ந்த பணம். அதைத் திரும்ப வாங்குவது தோப்புக்காரரின் மனசைப் பொறுத்தது, வங்கியால் பிடுங்கிக் கொடுக்க முடியாது.

முதலில் தோப்புக்காரரிடம் குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கு விவரத்தையே எடுத்துப் பார்க்கச் சொன்னோம். கைபேசி எண்ணுக்கு அனுப்பினால், அந்த எண்ணில் அவர் முதன்மையாக வைத்திருக்கும் கணக்குக்குத்தான் போகும். இங்கே பலருக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கணக்கு உண்டு. எப்போதோ இணைத்து மறந்துபோன கணக்கில் பணம் அமைதியாகக் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். திரையில் 'Success' என்று வந்தும் "வரலை" என்றால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தோப்புக்காரரின் இரண்டு கணக்கிலும் இல்லை. அடுத்து, வியாபாரியின் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தோம். 'UTR' அல்லது 'UPI transaction ID' என்று பன்னிரண்டு இலக்க எண் இருக்கும். செயலி தனக்கென்று வைத்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட எண் வேறு. அது வங்கிக்குப் பயன்படாது. அதே திரையிலேயே புகாரைப் பதிந்தோம். பன்னிரண்டு இலக்க எண்ணைத் தோப்புக்காரருக்கும் அனுப்பி, அவருடைய வங்கியில் காட்டச் சொன்னோம். பணம் தேங்கியிருப்பது அங்கே என்பதால் அந்த எண்ணை வைத்து அவர்களால் தேட முடியும். சனிக்கிழமை மாலையே அவர் கணக்கில் வரவாகிவிட்டது.

வராமல் இருந்திருந்தால்? ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை இதற்குக் கெடு வைத்திருக்கிறது. தனிநபருக்குத் தனிநபர் அனுப்பிய பணத்தை வரவு வைக்க முடியாவிட்டால், மறுநாளுக்குள் பெறுபவரின் வங்கி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். நாள் என்பது காலண்டர் நாள். ஞாயிறும் விடுமுறையும் கழிவில்லை. அப்படிப் பார்த்தால் வியாபாரி வெள்ளிக்கிழமை அனுப்பிய பணத்துக்குச் சனிக்கிழமை கடைசி நாள். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காமலேயே தர வேண்டியது. ஐஎம்பிஎஸ்ஸுக்கும் இதே கெடு. கடைக்குச் செலுத்தியதாக இருந்தால் ஐந்து நாள் வரை பொறுக்க வேண்டும். இழப்பீடு தானாக வராவிட்டால் இந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. தவறான எண்ணுக்கு நீங்களே அனுப்பிவிட்டால் மட்டும் இந்த விதி பொருந்தாது.

இந்தக் காத்திருப்பில்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். "பணம் திரும்ப வர பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால் அவர் திருடர். பணம் வாங்க பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

வங்கியில் எழுத்துப் புகார் கொடுத்தால் அதன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். அப்போது புகார் எண், பன்னிரண்டு இலக்க எண், பணம் கழிந்ததைக் காட்டும் கணக்கு விவரம் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.