1968இல் தொடங்கிய தொழில், 1995இல் பதிவான கம்பெனி

டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், அதாவது டிசிஎஸ், 1968இல் தொடங்கியதாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதன் ஆண்டறிக்கையைப் புரட்டினால் L22210MH1995PLC084781 என்றொரு நீளமான எண் கண்ணில் படும். அதில் தெரியும் 1995தான் கம்பெனி சட்டப்படி பதிவான ஆண்டு. இரண்டுக்கும் இடையே 27 ஆண்டுகள். ஆனாலும் இதில் பொய் எதுவும் இல்லை.

அந்த எண்ணுக்கு நிறுவன அடையாள எண் என்று பெயர். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதை முதல் எழுத்தான L சொல்கிறது. பட்டியலிடப்படாதது என்றால் U. அடுத்த 5 இலக்கங்கள் தொழில் வகையைக் குறிக்கும். MH மகாராஷ்டிரம். பிறகு பதிவான ஆண்டு. PLC என்றால் பொது வரையறுக்கப்பட்ட நிறுவனம். கடைசி 6 இலக்கங்கள் பதிவாளர் தந்த வரிசை எண். கடிதத்தாளிலும் பில்லிலும் இந்த எண்ணை அச்சிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. ஆகவே, விளம்பரம் எந்த ஆண்டைச் சொன்னாலும், பதிவான ஆண்டைப் பில்லைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

டிசிஎஸ் எண்ணில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 22210 என்ற தொழில் குறியீடு மென்பொருளுக்கு உரியதன்று. அச்சுத் தொழிலுக்கு உரியது! 1995 ஜனவரியில் பதிவானபோது அந்தக் கம்பெனியின் பெயர் ஆர்க்கிட் பிரிண்ட் இந்தியா லிமிடெட். பெயர் பின்னாளில் மாறியது. குறியீடு பழைய தொழிலையே சுமந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் 1968இல் தொடங்கியது எது? டாடா சன்ஸ் நிறுவனத்துக்குள் ஒரு பிரிவு. டாடா உருக்காலைக்குத் துளை அட்டைகளில் கணக்குகளைச் செய்து கொடுப்பது போன்ற வேலைகளோடு அது தொழிலை ஆரம்பித்தது. பிரிவு என்பது சட்டத்தின் பார்வையில் தனி நபர் அன்று. அதன் பெயரில் சொத்து வாங்க முடியாது, வழக்குப் போட முடியாது, பங்கு விற்க முடியாது. எல்லாம் டாடா சன்ஸ் பெயரிலேயே நடக்கும். பதிவாளர் சான்றிதழ் கொடுக்கும் நாளில்தான் சட்டப்படியான ஒரு புதிய நபர் உருவாகிறார். ஊழியர், வாடிக்கையாளர், வருமானம் என்று எல்லாம் பல ஆண்டுகளாக இருந்திருந்தாலும் அந்த நாள் பின்னோக்கி நகராது.

பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முடிவானபோது அந்தப் பிரிவுக்கு ஒரு தனிக் கம்பெனி தேவைப்பட்டது. குழுமத்தின் கையில் ஏற்கெனவே பதிவாகியிருந்த கம்பெனிக்குப் புதுப்பெயர் சூட்டி, நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி சொத்து, கடன், ஒப்பந்தம், ஊழியர் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார்கள். 2004இல் மாற்றம் நடந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் பங்குகள் சந்தைக்கு வந்தன. கம்பெனி என்ற கூடு 1995ஐச் சேர்ந்தது. உள்ளே குடியேறிய தொழில் 1968ஐச் சேர்ந்தது. வேலையும் ஆட்களும் அறுபடாமல் தொடர்ந்ததால், 1968 என்று சொல்வது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்னைக்காரர்களுக்குப் பாரி முனை தெரியும். தாமஸ் பாரி 1788இல் தொடங்கிய வணிகத்தைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் ஈஐடி பாரி நிறுவனத்தின் அடையாள எண்ணில் இருப்பது 1975. இந்தியாவில் கம்பெனிகளைப் பதிவு செய்வதற்கான சட்டமே 1850இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வணிகர் நினைத்திருந்தாலும் அப்படிப் பதிந்திருக்க முடியாது. இன்னும் எத்தனையோ பழைய கடைகள் தனிநபர் தொழிலாகவோ கூட்டு வணிகமாகவோ தலைமுறைகளைக் கடந்து, பிறகு பிரைவேட் லிமிடெட் ஆகின்றன. அவற்றின் பதிவு ஆண்டு வியப்பூட்டும் அளவுக்கு அண்மையதாக இருக்கும்.

பழைய ஆண்டுக்கு விளம்பர மதிப்பு மட்டுமல்ல, சட்ட மதிப்பும் உண்டு. வணிகச் சின்னத்தைப் பதிய விண்ணப்பிக்கும்போது, எந்த நாளிலிருந்து அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். கம்பெனி பதிவாவதற்கு முந்தைய நாளையும் எழுதலாம். ஆனால் அந்தப் பெயரைப் பழைய உரிமையாளரிடமிருந்து முறையாகப் பெற்றிருக்க வேண்டும். பிரமாணப் பத்திரத்தோடு பழைய பில், விளம்பரம் போன்ற சான்றுகளையும் தர வேண்டும். இரண்டு பேர் ஒரே பெயருக்குச் சண்டை போட்டால், யார் முதலில் பயன்படுத்தினார் என்பதற்கு எடை அதிகம்.

சந்தேகப்பட வேண்டிய இடமும் இதுதான். செத்துப்போன நிறுவனத்தின் பெயரை மட்டும் விலைக்கு வாங்கிப் புதிய தொழிற்சாலையில் வேறு பொருளைச் செய்பவரும் பழைய ஆண்டையே பெட்டியில் அச்சிடலாம். அடையாள எண்ணில் அண்மைய ஆண்டு இருப்பது இங்கே எதையும் நிரூபிக்காது. டிசிஎஸ்ஸிலும் அப்படித்தானே இருக்கிறது. கேட்க வேண்டியது வேறு: பழைய ஆண்டுக்கும் பதிவு நாளுக்கும் நடுவில் தொழில் யார் கையில் இருந்தது, எந்த ஆவணத்தின் வழியே கைமாறியது? பங்கு வெளியிடும் நிறுவனம் என்றால், அதன் வெளியீட்டு ஆவணத்தில் கம்பெனியின் வரலாறு என்ற பகுதியில் பழைய பெயர்களும் இணைப்புகளும் எழுதப்பட்டிருக்கும். அதில் தொழில் கைமாறிய விவரம் இல்லாமல் பெயர் கைமாறிய விவரம் மட்டும் இருந்தால், பெட்டியில் உள்ள ஆண்டு அந்தப் பெயரின் வயதைத்தான் சொல்கிறது.