120 எம்பி கேட்டது, 2 ஜிபி சும்மா கிடந்தது

வெள்ளவத்தையில் என் அறைக்கு அடுத்த அறையில் இருக்கும் தம்பி, தமிழ்ச் செய்திகளை அரசியல், விளையாட்டு, வணிகம் என்று வகைபிரிக்க ஒரு மொடலைப் பழக்கிக்கொண்டிருந்தான். 12 ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு, லினக்ஸ், பைடோர்ச். இரவு ஓடவிட்டுப் படுத்தவன் காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். 1,137ஆவது படியில் நின்றுபோயிருந்தது. திரையில் இருந்த வரிகளில் தேவையானவை மட்டும்:

```
CUDA out of memory. Tried to allocate 120.00 MiB.
8.58 GiB is allocated by PyTorch, and
2.27 GiB is reserved by PyTorch but unallocated.
```

"அண்ணா, ரெண்டு ஜிபிக்கு மேல சும்மா கிடக்குது எண்டு அதுவே சொல்லுது. பிறகேன் 120 எம்பி இல்லையெண்டுது?"

நல்ல கேள்வி. அதற்கு முதல் அந்த 120 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இந்தப் பிழைச் செய்தியில் கேட்ட அளவு ஒரு கைரேகை மாதிரி. எந்த டென்சருக்கு, அதாவது எந்த எண் அட்டவணைக்கு, இடம் கேட்டது என்பதைப் பல வேளை அதை வைத்தே பிடித்துவிடலாம்.

அவன் எடுத்தது பல மொழிகளில் முன்பே பழக்கிய XLM-RoBERTa base என்ற மொடல். 12 அடுக்கு, அடுக்குக்கு 12 அட்டென்ஷன் தலைகள். பட்ச் அளவு 10 வைத்திருந்தான், அதாவது ஒரு தடவைக்கு 10 செய்தி. செய்தி எவ்வளவு நீளமானாலும் 512 டோக்கனோடு, அதாவது 512 சொல்துண்டோடு, வெட்டிவிடுவான். அட்டென்ஷனில் ஒவ்வொரு டோக்கனும் மற்ற எல்லா டோக்கனையும் பார்க்கும். ஆகவே ஒரு தலைக்கு 512 × 512 கட்டங்கள், கட்டத்துக்கு 4 பைட். 10 × 12 × 512 × 512 × 4 என்று பெருக்கினால் 125,829,120 பைட். 1024 கணக்கில் சரியாக 120 எம்பி. ஆக, ஏதோ ஓர் அடுக்கின் அட்டென்ஷன் அட்டவணைக்கு இடம் கேட்கும்போதுதான் விழுந்திருக்கிறது. அதோடு, அந்த பட்ச்சில் குறைந்தது ஒரு செய்தியாவது 512ஐத் தொட்டிருக்கிறது என்பதும் தெரிகிறது.

இனி மொத்தக் கணக்கு. மொடலில் ஏறத்தாழ 27.8 கோடி எடைகள். ஒவ்வொன்றுக்கும் எடைக்கு 4 பைட், எடைகளைத் திருத்தும் ஆடம் ஒப்டிமைசர் வைத்திருக்கும் இரண்டு குறிப்புகளுக்கு 8 பைட். அதுவே 3.1 ஜிபி. விடையின் பிழையைப் பின்னோக்கிக் கணக்கிடும் பின்னோட்டத்தில், ஒவ்வொரு எடையையும் எப்படித் திருத்துவது என்று சொல்லும் கிரேடியண்ட் வந்து சேர இன்னொரு 1 ஜிபி. இந்தப் பங்குக்கும் பட்ச் அளவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பட்ச்சை 1 ஆக்கினாலும் இது இருந்தே தீரும். பட்ச்சோடு ஏறி இறங்குவது அக்டிவேஷன்கள்தான், அதாவது பின்னோட்டத்தில் தேவைப்படும் என்று, விடையைக் கணக்கிடும் முன்னோட்டத்தில் ஒவ்வொரு அடுக்கும் எடுத்துவைக்கும் இடைவிடைகள். அந்த 120 எம்பி அட்டவணையில் மட்டும் அடுக்குக்கு இரண்டு பிரதி தங்கும், சொஃப்ட்மாக்ஸுக்குப் பின் ஒன்று, டிரொப்அவுட்டுக்குப் பின் ஒன்று. 12 அடுக்குக்கும் சேர்த்து 2.8 ஜிபி. மற்ற இடைவிடைகளும் கிட்டத்தட்ட அவ்வளவே. எல்லாம் கூட்டினால் 10 ஜிபிக்குள் அடங்கவேண்டும். அதே ஓட்டத்தில் 512 நீள பட்ச்கள் முன்பே சில தடவை தடையில்லாமல் போயிருக்கின்றன. அப்படியானால் இடம் போதாமல் விழவில்லை. இருந்த இடம் துண்டுபட்டுப்போய்விட்டது.

கல்யாண மண்டபத்துக்கு வாகனம் விட அக்கம்பக்கத்து வெறுங்காணிகளை வாடகைக்கு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டென்சருக்கும் நேரே டிரைவரிடம் `cudaMalloc` என்று கேட்டுப் பிறகு திருப்பிக்கொடுத்தால் வேலை மிகவும் மெதுவாகும். அதனால் பைடோர்ச் ஒருமுறை எடுத்த காணியைத் தானே வைத்துக்கொள்ளும். வாகனம் போனால் அந்த இடத்தை அடுத்த வாகனத்துக்குக் கொடுக்கும். இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒரு லொறியைப் பாதி இந்தக் காணியிலும் பாதி அடுத்ததிலும் விடமுடியாது. காணியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றாலும் அந்தக் காணியைத் திருப்பிக்கொடுக்க முடியாது.

தம்பியின் பட்ச்கள் ஒவ்வொன்றும் வேறு நீளம். அந்த பட்ச்சில் மிக நீளமான செய்திக்கு ஏற்ப மற்றவற்றை நிரப்புவான். ஒருமுறை 87, அடுத்தமுறை 203, அதற்கடுத்து 341. ஒவ்வொரு நீளத்துக்கும் டென்சர்களின் அளவு மாறும், அதற்கேற்ப வெவ்வேறு அளவில் காணிகள் சேர்ந்துகொண்டே போகும். பிறகு ஒரு 512 வரும். அதன் 15 எம்பி டென்சர்கள் 40, 50 எம்பி காணிகளுக்குள் போய் நின்று, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிச்சம் விடும். அந்த மிச்சங்களைக் கூட்டினால் 2.27 ஜிபி. ஆனால் 120 எம்பி நீளத்துக்கு ஒரே துண்டாக எங்கேயும் இல்லை.

அவன் முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான்: ஒவ்வொரு படிக்குப் பிறகும் `torch.cuda.empty_cache()`. இதை எங்கே பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும். பிழையைக் காட்டுவதற்கு முன்பே பைடோர்ச் முழுதாகக் காலியான காணிகளைத் தானாகவே திருப்பிக்கொடுத்துவிட்டு இன்னொருமுறை கேட்டுப் பார்க்கிறது. திரையில் வந்த 2.27 அதற்குப் பிறகும் மிஞ்சியது. படிக்குப் படி கூப்பிட்டால், கொடுத்த காணியைத் திரும்ப வாடகைக்கு எடுக்கும் நேரம்தான் வீணாகும்.

உண்மையான மருந்து ஒரு வரி. நிரலை ஓட்டும் முன்பு டேர்மினலில் கொடுக்கவேண்டும்:

```
export PYTORCH_CUDA_ALLOC_CONF=expandable_segments:True
```

இதைக் கொடுத்தால் பைடோர்ச் தனித்தனிக் காணி எடுப்பதை விட்டு, முகவரி அளவில் மிக நீண்ட ஒரே காணியை ஒதுக்கிக்கொள்ளும். உண்மையான நினைவகத்தைத் தேவைப்படும்போது சிறு துண்டுகளாக அதன் முனையில் ஒட்டிக்கொண்டே போகும். 87 நீளத்துக்கு எடுத்த இடம் தனிக்காணியாக நிற்காமல் 512 வரும்போது அப்படியே நீளும். விண்டோஸில் இந்த அமைப்பு வேலைசெய்வதில்லை. எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டுப் பழைய முறையிலேயே ஓடும்.

பட்ச்சைக் குறைப்பதும் மருந்துதான், ஆனால் இந்த நோய்க்கு இரண்டாவது மருந்து. 10ஐ 5 ஆக்கி, இரண்டு தடவை பின்னோட்டம் போனபிறகு ஒருமுறை `optimizer.step()` கொடுத்தால் மொடலுக்குக் கிட்டத்தட்ட அதே 10தான். ஒவ்வொரு லொஸ்ஸையும் 2ஆல் வகுக்க மறந்தால் கிரேடியண்ட் இரட்டிப்பாகும். பட்ச்நோர்ம் உள்ள மொடல் என்றால் அது 5ஐத்தான் பார்க்கும். இந்த மொடலில் அது இல்லை. அட்டென்ஷனைப் பைடோர்ச்சிலேயே உள்ள `sdpa` வழியில் கணக்கிட்டால், வேகமான கேர்னல் அமையும் கார்டுகளில் அந்த 120 எம்பி அட்டவணை முழுதாக எழுதப்படவே மாட்டாது. அது வேறு பெரிய கதை.

படிக்குப் படி `allocated` கூடிக்கொண்டே போனால் அது துண்டுபடுதல் இல்லை, கசிவு. பெரும்பாலும் `total += loss` என்று எழுதியிருப்பார்கள். `loss.item()` என்று மாற்றினால் நிற்கும். தம்பியின் பதிவில் `allocated` அதே மட்டத்தில் ஏறி இறங்கியது, `reserved` மட்டும்தான் மேலே போய்க்கொண்டிருந்தது. அதை முதல் நாளே பார்த்திருக்கலாம்.

அன்று பட்ச்சை 10இலேயே விட்டோம். அந்த வரியைச் சேர்த்தோம். தரவைக் குலுக்குவதற்கு முன்பு மிக நீளமான பத்துச் செய்திகளை எடுத்து முதல் இரண்டு படியிலும் போட்டோம். இரண்டு ஏனென்றால், ஆடத்தின் 2 ஜிபி குறிப்புகள் முதல் `step()` வரும்போதுதான் உருவாகும். முதல் படி தப்பி இரண்டாவதில் விழுகிற மொடல்கள் இதனால்தான் விழுகின்றன. இரண்டும் தாண்டின. விழுவதானால் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்திருக்கும்.

"அப்ப நான் சாப்பிட்டுட்டு வரட்டே?" என்றான்.

காலி வீதிக்குப் போய்க் கொத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது 1,137 தாண்டியிருந்தது.