வறண்டுபோன முடி என்று நினைத்தது வறட்சியே இல்லை

கொழிஞ்சாம்பாறையில் அழகு நிலையம் நடத்தும் எனக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று: "முடி வைக்கோல் மாதிரி ஆகிடுச்சு அக்கா, எத்தனை கண்டிஷனர் போட்டாலும் சரியாகலை." தொட்டுப் பார்த்தால் பல நேரம் அது வறட்சி அல்ல. முடியின் மேல் படிந்து நிற்கும் பூச்சு. வறட்சி என்று நினைத்து மேலும் கண்டிஷனர் போடுவதால் அந்தப் பூச்சு இன்னும் தடிக்கிறது.

சமீபத்தில் வந்த ஒரு பெண்ணின் தலையைச் சொல்கிறேன். தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போகிறவர். காலையில் தலைகுளிக்க நேரமில்லாததால் உச்சியில் டிரை ஷாம்பு, நெற்றியோரம் பறக்கும் சின்ன முடிகளை அடக்க வேக்ஸ் ஸ்டிக், நுனிக்கு சீரம். வார இறுதியில் சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, அப்புறம் சிலிகான் உள்ள கண்டிஷனர். உச்சியில் வெள்ளைத்தூள் இருந்ததால் பொடுகு என்று நினைத்து, பொடுகு ஷாம்பும் வாங்கி வைத்திருந்தார்.

டிரை ஷாம்பு எதையும் கழுவுவதில்லை. அதிலுள்ள அரிசி அல்லது சோள மாவுச்சத்து எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே நிற்கும். வேக்ஸில் தேன்மெழுகு, பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை இருக்கும். தண்ணீருக்கு அவை அசையாது. கண்டிஷனரிலுள்ள டைமெத்திகோன் என்ற சிலிகானும் தண்ணீரில் கரையாது. அமோடைமெத்திகோன் என்ற இன்னொரு சிலிகான் நேர்மின்னேற்றம் உடையது, அதனால் சேதமான இடங்களில் இறுகப் பற்றிக்கொள்ளும். சிலிகான் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன், சிக்கையும் உராய்வையும் அது நன்றாகவே குறைக்கிறது. மென்மையான ஷாம்பு மட்டும் போட்டு வந்தால் இவை முழுதாகப் போகாமல் சேர்ந்துவிடும் என்பதுதான் சிக்கல். போதாக்குறைக்கு எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்புத்தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும்.

அவர் உச்சியை விரல் நுனியால் தேய்த்ததும் மாவு போல ஒட்டியது. தோல் சிவந்திருக்கவில்லை, அரிப்பும் இல்லை. பொடுகு என்றால் செதில் தோலிலிருந்து உரியும், பெரும்பாலும் அரிப்பும் இருக்கும். தண்ணீர் தெளித்தபோது நுனி முடி உடனே நனையாமல் துளிகள் உருண்டு ஓடின. சந்தேகம் தீர, காதுக்குப் பின்னால் ஒரு கற்றையை மட்டும், படிவைக் கழுவி எடுக்கும் கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டு அலசி, எதுவும் தடவாமல் உலர்த்தினோம். அந்தக் கற்றை லேசாகப் பறந்தது, பக்கத்துக் கற்றை கனத்துத் தொங்கியது. இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கற்றைக்கும் வித்தியாசம் இல்லையென்றால் உங்களுக்குப் படிவு இல்லை, காரணம் வேறு.

பிறகு முழுத்தலை. முதலில் உலர்ந்த முடியை நன்றாகச் சீவி மாவை உதிர்த்தோம். வேக்ஸ் இருந்த நெற்றியோரத்தில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டோம். மெழுகை இளக்க எண்ணெய்தான் வேண்டும். தண்ணீர் ஊற்றும் முன்பே அந்த எண்ணெயின் மேல் ஷாம்பு தேய்ப்பது முக்கியம், முதலில் தண்ணீர் பட்டால் மெழுகு அப்படியே நிற்கும். அடுத்து வெதுவெதுப்பான நீரில், ஒரு தேக்கரண்டி ஷாம்பைக் குவளை நீரில் கலந்து தேய்த்தோம். முதல் முறை நுரையே வரவில்லை, அழுக்கு அதிகம் என்பதற்கு அதுவே அடையாளம். அலசிவிட்டு இரண்டாம் முறை போட்டதும் நுரை பொங்கியது. நுனிக்கு மட்டும் கொஞ்சம் கண்டிஷனர்.

கிளாரிஃபையிங் ஷாம்பு வாங்கும்போது சோடியம் லாரில் சல்ஃபேட் அல்லது ஒலிஃபின் சல்ஃபோனேட் என்று லேபிளில் முன்வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். உப்புத்தண்ணீர் ஊர் என்றால் ஈடிடிஏவும் இருப்பது நல்லது, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அரப்புத்தூள் எண்ணெயை எடுக்கும், ஆனால் மெழுகுப் படிவுக்குப் போதவில்லை என்பது நான் பார்த்தது. வினிகர் சிலிகானைக் கரைக்காது. சமையல் சோடா முடியை மேலும் சொரசொரப்பாக்கும், வேண்டாம்.

கிளாரிஃபையிங் ஷாம்பு, தினமும் வேக்ஸ் போடுகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு மாதம் ஒருமுறை போதும். அடிக்கடி போட்டால் உண்மையான வறட்சியே வந்துவிடும். சாயம் அடித்த முடியில் நிறம் சீக்கிரம் மங்கும். கெரட்டின், ஸ்மூத்தனிங் செய்தவர்கள் அதைச் செய்த இடத்தில் கேட்காமல் தொட வேண்டாம். அலசிய பிறகும் செதில், சிவப்பு, அரிப்பு இருந்தால் ஷாம்பு மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

அந்தப் பெண்ணுக்கு டிரை ஷாம்பை விடச் சொல்லவில்லை. ஒரு சாண் தூரத்திலிருந்து அடித்து, இரண்டு நிமிடம் விட்டுச் சீவி உதிர்த்துவிடவும், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் அதன் மேலேயே அடிக்காமல் மூன்றாம் நாள் தலைகுளிக்கவும் சொன்னேன். பொடுகு ஷாம்பு இன்னும் பிரிக்காமலே இருக்கிறது.