ஃபார்மட் எத்தனை நிமிடம் ஓடியது?

அழிந்த ஃபைல்களை மீட்டுத் தரச் சொல்லி யாராவது பென் டிரைவை என் கடை மேசையில் வைத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பிராண்டு எது, என்ன விலை, உள்ளே என்ன இருந்தது என்பதெல்லாம் அப்புறம்.

போன வாரம் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் 32 ஜிபி டிரைவோடு வந்தார். ஒரு கல்யாண வரவேற்புப் படங்கள் மொத்தமும் அதில்தான். கேமரா கார்டை ஏற்கெனவே அழித்து அடுத்த விசேஷத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டிரைவைச் சொருகியதும் `You need to format the disk in drive E: before you can use it.` என்று வந்திருக்கிறது. அவரும் ஃபார்மட் கொடுத்துவிட்டார்.

"எவ்வளவு நேரம் ஓடிச்சு தம்பி?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்ணே. `Quick Format` டிக்கை எடுத்துட்டேன். அப்பதான் நல்லா ரிப்பேர் ஆகும்னு சொன்னாங்க."

யார் சொன்னார்களோ, அவர்களை ஒருநாள் என் கடையில் உட்கார வைக்க வேண்டும்.

அந்த டிக் இருந்தால் வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும்தான் புதிதாக எழுதப்படும். படங்கள் இருந்த இடத்திலேயே கிடக்கும். டிக்கை எடுத்தால், இன்றைய விண்டோஸ் டிரைவின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை பூஜ்யங்களை எழுதும். 32 ஜிபியை நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு எம்பி வேகத்தில் நிரப்ப முக்கால் மணிக்கு மேல் ஆகும். அந்த நேரக் கணக்கே எனக்குப் பதில் சொல்லிவிடும்.

இங்கேதான் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். "முன்னாடி ஃபுல் ஃபார்மட் பண்ணதையே எடுத்துக் கொடுத்தாங்களே" என்பார்கள். கொடுத்திருப்பார்கள், உண்மைதான். எக்ஸ்பி காலத்தில் முழு ஃபார்மட் கெட்ட செக்டார் இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பதோடு சரி, பழைய டேட்டாவைத் தொடாது. விஸ்டா வந்த பிறகுதான் பூஜ்யம் எழுதும் வழக்கம் வந்தது. பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு இப்போதும் நம்பிக்கையாக வருகிறார்கள். விலை கூடிய சாஃப்ட்வேர் வாங்கினால் வருமா? வராது. இலவசமோ, லட்ச ரூபாயோ, எதுவாக இருந்தாலும் டிரைவ் கொடுப்பதைத்தான் படிக்க முடியும். டிரைவில் எழுதியிருப்பதை அப்படியே குறியீடுகளாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் தம்பியின் டிரைவைத் திறந்து காட்டினேன். தொடக்கத்தில் புது ஃபார்மட்டின் சில வரிகள். அதற்குக் கீழே எங்கே குதித்துப் பார்த்தாலும் `00 00 00 00`. படம் இருந்தால் எங்காவது `FF D8 FF` என்று ஒரு ஜேபெக் தலை தட்டுப்பட வேண்டும். ஒன்றுகூட இல்லை. அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே மாதம் இன்னொருவர் டிக்கை எடுக்காமல் ஃபார்மட் செய்துவிட்டு வந்தார். உடனே பிடுங்கி, எதையும் காப்பி செய்யாமல் கொண்டுவந்ததுதான் அவர் செய்த புண்ணியம். முதலில் டிரைவ் முழுவதையும் அப்படியே ஒரே ஃபைலாக நகலெடுத்து, ஒரு இமேஜாக வைத்துக்கொண்டேன். மீட்கும் வேலையை எப்போதும் நகலில்தான் செய்வேன். லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு (டிரைவின் பெயர் `sdb`-தானா என்று இரண்டு முறை பாருங்கள்):

```
sudo ddrescue -d /dev/sdb pen.img pen.map
photorec pen.img
```

அவர் படங்களை ஃபோல்டருக்குள் போட்டு வைத்திருந்தார். வெளி அட்டவணை போனாலும், ஃபோல்டருக்குள் இருக்கும் பெயர்ப் பட்டியல் டேட்டா பகுதியிலேயே தங்கியிருக்கும். அதைப் படிக்கும் மென்பொருள் ஒன்றை ஓட்டியதும் `DSC_0412.JPG` என்ற பழைய பெயர்களோடே பெரும்பாலான படங்கள் வந்தன. வெளியே தனியாகக் கிடந்தவை ஃபோட்டோரெக்கில், பெயர் இழந்து வெறும் எண்களாக வந்தன. ஆல்பத்தின் ஃபோட்டோஷாப் ஃபைலான பிஎஸ்டி மட்டும் பாதிதான் திறந்தது. பென் டிரைவிலேயே வைத்து நாள் முழுக்கத் திருத்தித் திருத்திச் சேமித்திருக்கிறார். ஃபைல் துண்டு துண்டாகச் சிதறிப்போயிருந்தது. துண்டுகளைக் கோக்கும் அட்டவணைதான் அழிந்துவிட்டதே. ஒரே மூச்சில் காப்பி ஆகும் படங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே, அந்தச் செய்தி திரையில் வந்தால் `Cancel` அழுத்துங்கள். ஃபார்மட் அதற்கு வைத்தியம் இல்லை. தெரியாமல் முழு ஃபார்மட்டைத் தொடங்கிவிட்டீர்களா? பாதியிலேயே நிறுத்துங்கள். எழுதப்படாத மிச்சப் பகுதியில் இருப்பது பிழைக்கும். நிறுத்திய பின் அது மறுபடி ஃபார்மட் கேட்கும், தயவுசெய்து மறுபடி கொடுக்காதீர்கள். மீட்ட ஃபைல்களை அதே டிரைவில் சேமிக்கவும் வேண்டாம். அடுத்த படத்தின் மேலேயே எழுதிவிடுவீர்கள்.

அந்தத் தம்பியிடம் கேமரா கார்டு இப்போது எங்கே என்று கேட்டேன். "அதுலதான்ணே நேத்து ஒரு வளைகாப்பு எடுத்தோம்" என்றார். கொஞ்சப் படங்கள்தானாம். கார்டை உடனே கழற்றி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.